பால் ஊற்றும் முன்பே சிவப்பு

டிக்கெட் அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. குழந்தைகளுக்கான அறிவியல் கூடத்தின் வாசலில், கைமட்டும் நுழையும் ஓட்டைக்குப் பின்னால் பதினோரு வருஷம் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தவள் அவள். முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். சுண்ணக்கட்டித் தூள் ஒட்டியிருந்தால் ஆசிரியர், பிசுபிசுத்தால் குழந்தை, இரண்டும் இருந்தால் பள்ளிச் சுற்றுலா. பத்தாவதோடு படிப்பு நின்றுபோன பெண்ணுக்கு அது நல்ல வேலைதான். இருந்தாலும் மனசுக்குள் ஒரு குறை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

டிக்கெட் அறைக்கும் ஒளி அறைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் விளக்கம் சொல்பவர் ஒரு நாளைக்கு ஆறு தடவை அதே பேச்சைப் பேசுவார். ஆறு தடவை, வாரத்துக்கு ஆறு நாள், பதினோரு வருஷம். சுவரே பாடம் ஒப்பித்திருக்கும். அக்கா ஒப்பிக்க மாட்டாளா? ஒரு நாள் அந்த ஆள் வேறு நல்ல வேலை கிடைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். நாற்பது குழந்தைகள் இருட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா ஓட்டையை மூடிவிட்டு எழுந்து போனாள். ஒரு வார்த்தை பிசகாமல் முழுப் பேச்சையும் சொல்லி முடித்தாள். வெளியே போகும்போது மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று, “தேங்க்ஸ் டீச்சர்” என்றது. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகும்போது தரையில் கால் பாவவில்லை. டீச்சராம்!

அதற்குப் பிறகு அந்த அறை அவளுடையது ஆயிற்று. பேச்சு இதுதான்.

“சூரிய வெளிச்சம் வெள்ளையாத் தெரியுது இல்லையா? அதுக்குள்ள எல்லா நிறமும் கலந்திருக்கு. அந்த வெளிச்சம் நம்மகிட்ட வர்றதுக்குக் காத்தைத் தாண்டி வரணும். காத்துல கண்ணுக்கே தெரியாத துணுக்குங்க கோடி கோடியா இருக்கு. சிவப்பு அதையெல்லாம் அவ்வளவாக் கண்டுக்காம நேரா வந்துடும். நீலம் அப்படி இல்ல. அது துணுக்குல பட்டுப் பட்டு நாலாபக்கமும் சிதறும். அதனாலதான் மத்தியானம் எந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாலும் அங்கேருந்து நீலம் வருது. சாயங்காலம் சூரியன் தலைக்கு மேல இல்ல, அடியோரத்துல இருக்கு. வெளிச்சம் சாய்வா, ரொம்ப தூரம் காத்துக்குள்ளயே வரணும். வர்ற வழியெல்லாம் நீலம் சிதறிப் போயிடும். கடைசியில நம்ம கண்ணுக்கு மிச்சமா வந்து சேர்றது மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும்தான்.”

இதைச் சொல்லிவிட்டுச் செய்து காட்டுவாள். மேசையின் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அது நிறையத் தண்ணீர். ஒரு முனையில் டார்ச் விளக்கு, மறுமுனையில் வெள்ளை அட்டை. விளக்கைப் போட்டால் அட்டையில் வெள்ளை வட்டம் விழும். ஆடை எடுத்த பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குவாள். காற்றில் இருக்கிற துணுக்குகளுக்குப் பதிலாகத் தண்ணீரில் பால் துணுக்குகள். பக்கவாட்டில் பார்த்தால் தொட்டி மெல்ல நீலம் பூக்கும். அட்டையில் வட்டம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செங்கல் நிறத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் நாற்பது வாயிலிருந்தும் வருகிற “ஓ” என்ற சத்தத்துக்காக அக்கா சம்பளம் இல்லாமலும் வேலைக்கு வந்திருப்பாள்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு அவள்மேல் பரிதாபப்பட்டுக்கொண்டு மறந்துவிடுவோம். அந்தப் பேச்சு அவளுக்குப் பாடமாக இருந்ததே தவிரப் புரிந்திருக்கவில்லை. “ரொம்ப தூரம்” என்று கையை விரித்துச் சொல்வாள். எதற்காக ரொம்ப தூரம் என்று ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை.

அவள் அந்த அறைக்கு வந்த ஆறாவது வருஷம் துப்புரவு செய்யும்போது தொட்டியில் விரிசல் விட்டது. மேலாளர் பெருமையாகப் புதுத் தொட்டிகள் வாங்கி வந்தார். மூன்று எடுத்தால் விலை குறைவு என்று மூன்று. ஒவ்வொன்றும் சதுரமாக, கையடக்கமாக, பார்க்க அழகாக இருந்தது. ஒன்றை மேசையில் வைத்தார்கள். மற்ற இரண்டும் அட்டைப்பெட்டியோடு சாமான் அறைக்குப் போயின.

புதுத் தொட்டியில் பாலைச் சொட்டவிட்டாள். பக்கவாட்டில் நீலம் வந்தது. அட்டையில் வட்டம் வெள்ளையாகவே நின்றது. உற்றுப் பார்த்தால் லேசாக மஞ்சள், அவ்வளவுதான். இன்னும் பால் விட்டாள். நீலமும் போயிற்று. தொட்டி முழுவதும் மேகம் மாதிரி வெளுத்து, வெளிச்சம் அந்தப் பக்கம் போய்ச் சேரவே திணறியது. டார்ச்சை மாற்றினாள். பாலை மாற்றினாள். குழந்தைகள் காத்திருந்தார்கள். “சிவப்பு எங்க டீச்சர்?” என்றது ஒன்று. பின்வரிசையில் இன்னொன்று, “சும்மா ஏமாத்தறாங்கடா” என்றது.

அன்றைக்கு அவள் மேலாளரிடம் போய், சிவப்பு வரவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஏன் என்று தெரியாதவளுக்கு எதற்கு அந்த அறை? ஓட்டைக்குப் பின்னால் போய் உட்கார் என்று சொல்லிவிட்டால்? அவள் அதற்குப் பதிலாக வீட்டுக்குப் போகிற வழியில் பரிசுப்பொருள் கடைக்குப் போனாள். பளபளவென்று சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒரு தாள் வாங்கினாள். மறுநாள் காலையில் தொட்டியின் கடைசிப் பக்கத்தில், வெளிச்சம் வெளியேறும் இடத்தில், சுருக்கம் இல்லாமல் ஒட்டினாள். வீட்டுக்காரர் தையற்கடை வைத்திருப்பவர். வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் கைவந்த கலை.

ஒரே ஒரு சிக்கல். விளக்கை முதலில் போட்டால் பால் விடுவதற்கு முன்பே வட்டம் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முறையை மாற்றினாள். முதலில் பால், பிறகு விளக்கு. பட்டென்று விளக்கைப் போடுவாள். பக்கத்தில் நீலம், அட்டையில் ரத்தச் சிவப்பு. பழைய தொட்டியில்கூட இவ்வளவு சிவப்பு வந்ததில்லை. குழந்தைகள் கைதட்டினார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அக்காவின் புளுகு மூன்று வருஷம் ஓடியது.

அந்த மூன்று வருஷமும் அவளுக்கு உறுத்தவில்லையா என்றால், முதல் வாரம் உறுத்தியது. பிறகு சொன்னது உண்மைதானே, காட்டியதில்தானே ஒரு சின்ன ஒட்டு என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்குச் சாட்சி கேட்பார் யார்?

கேட்க ஒருத்தி வந்தாள். நான்காம் வகுப்பு, முன்வரிசை, ரெட்டைச் சடை. அன்று தொடர்ந்து நாலு பள்ளிகள். அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முந்தைய கூட்டம் போனபின் விளக்கை அணைக்க மறந்துவிட்டாள். புதுக் கூட்டம் உட்கார்ந்ததும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரை ஊற்றினாள். அப்போதுதான் விளக்கு எரிவதைக் கவனித்துச் சட்டென்று அணைத்தாள். எத்தனை விநாடி இருக்கும்? மூன்று, நாலு. அது போதும்.

பால் விட்டு, விளக்கைப் போட்டு, எல்லோரும் கைதட்டி முடித்தபிறகு ரெட்டைச் சடை கையைத் தூக்கியது.

“டீச்சர், பால் ஊத்தறதுக்கு முன்னாடியே அங்க சிவப்பா இருந்துச்சு.”

அதெல்லாம் இல்லை, இருட்டில் அப்படித் தெரிந்திருக்கும் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். ரெட்டைச் சடை உட்காரவில்லை. தொட்டியின் கடைசியில் ஏதோ ஒட்டியிருக்கிறது, வந்து தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டபடி எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். அக்கா பாய்ந்து குறுக்கே நின்றாள்.

“பொய் சொல்லக் கூடாது. உன் கண்ணுலதான் கோளாறு. போய் உக்காரு.”

வகுப்பே சிரித்தது. கொஞ்சம் சத்தமாகவே சிரித்தது. அவர்களுடைய வகுப்பாசிரியைக்கு மானம் போய்விட்டது. வெளியிடத்துக்கு வந்து இப்படியா நடந்துகொள்வது என்று பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தி, மன்னிப்புக் கேள் என்றார். ரெட்டைச் சடை அழவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

“மன்னிச்சுக்கங்க டீச்சர். நான் தப்பாப் பாத்துட்டேன்.”

பரவாயில்லை என்று அக்கா பெரிய மனது பண்ணிச் சொன்னாள். சொன்னாள்! அந்த இரண்டு நொடியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். பொய் சொன்னவள் நின்றுகொண்டிருக்க, உண்மை சொன்ன ஒன்பது வயசு மன்னிப்புக் கேட்டது. அதை இவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. “ஓ” என்ற சத்தம் வரும்போதெல்லாம் இருட்டுக்கு நன்றி சொன்னாள், முகம் தெரியாதே என்று. காகிதத்தை எடுத்துவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பாள். எடுத்துவிட்டால் சிவப்புக்கு எங்கே போவது என்று தினமும் விட்டுவிடுவாள். வீட்டுக்காரர் இரண்டு தடவை என்னவென்று கேட்டார். தலைவலி என்றாள். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை, தைலத்தை மட்டும் கொண்டுவந்து வைத்தார். அதற்கும் வெட்கமாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து வகுப்பாசிரியை தனியாக வந்தார். கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு பக்கம். களைத்துப் போயிருந்தார். அந்தப் பிள்ளை அன்றிலிருந்து வகுப்பில் கை தூக்குவதில்லை என்றார். மற்ற பிள்ளைகள் “கோளாறுக் கண்ணு” என்று பெயர் வைத்துவிட்டார்களாம். அதோடு விடாமல் வீட்டில் என்னவோ செய்து பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மாக்காரி வேறு பள்ளிக்கு வந்து, என் மகளை எதற்கு மன்னிப்புக் கேட்க வைத்தீர்கள் என்று நிற்கிறாள்.

“நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா முடிஞ்சிடும் டீச்சர். இருட்டுல குழந்தைங்க தப்பாப் பாக்கறது சகஜம்னு. அம்மாகிட்ட காட்டிடுவேன்.”

இங்கே கதை நல்லபடியாகத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அக்கா பேனாவை எடுத்தாள். எழுதினாள். “இருட்டு அறையில் குழந்தைகளுக்கு நிறங்கள் தவறாகத் தெரிவது இயல்பு.” கீழே கையெழுத்தும் போட்டாள். டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டார்களே, போடாமல் இருக்க முடியுமா? வகுப்பாசிரியை நன்றி சொல்லிவிட்டு, நோட்டுப் பக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

மதியம் பள்ளி எதுவும் வரவில்லை. அக்கா அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தாள். கோடு தாண்டாத, குண்டு குண்டான எழுத்து.

“எங்கள் வீட்டில் மூடி போட்ட கண்ணாடிப் பெட்டி மூன்று உள்ளது. ஒரு பெட்டியில் தண்ணீர் ஊற்றி இரண்டு சொட்டு பால் விட்டு டார்ச் அடித்தேன். பக்கத்தில் நீலம் மாதிரி இருந்தது. சுவரில் வெள்ளை, கொஞ்சம் மஞ்சள். இரண்டு பெட்டியை ஒன்றன் பின் ஒன்றாக வைத்தேன். நல்ல மஞ்சள். மூன்று பெட்டியை வைத்தேன். ஆரஞ்சு வந்தது. காகிதம் ஒட்டவில்லை. அம்மா சாட்சி. அறிவியல் கூடத்துத் தொட்டி சின்னது. சாயங்காலம் வெளிச்சம் ரொம்ப தூரம் வரும் என்று அந்த டீச்சர்தான் சொன்னார்கள். அதனால் தொட்டியும் நீளமாக இருக்க வேண்டும்.”

கடைசி இரண்டு வரியை அவள் எத்தனை தடவை படித்தாளோ. பிறகு எழுந்து சாமான் அறைக்குப் போனாள். அட்டைப்பெட்டிகளை உடைத்தாள். மூன்று வருஷமாகத் தூசு படிந்து கிடந்த இரண்டு தொட்டிகளையும் தூக்கி வந்து, மேசையில் இருந்ததோடு வரிசையாக ஒட்டி வைத்தாள். மூன்றிலும் தண்ணீர். மூன்றிலும் எண்ணிப் பத்துச் சொட்டு. சிவப்புக் காகிதத்தை உரித்துக் குப்பையில் போட்டாள். கதவைச் சாத்தி விளக்கைப் போட்டாள்.

முதல் தொட்டி பக்கவாட்டில் நீலமாக இருந்தது. இரண்டாவதில் நீலம் சற்று மங்கியிருந்தது. மூன்றாவதில் நடுவே ஓடிய வெளிச்சக் கோடே வெதுவெதுப்பான நிறத்துக்கு மாறியிருந்தது. வட்டத்தைப் பார்த்தாள். ஆரஞ்சு.

முதல் தொட்டியிலேயே நீலத்தின் ஒரு பங்கு பக்கவாட்டில் சிதறிப் போய்விட்டது. அடுத்ததில் இன்னொரு பங்கு. அடுத்ததில் இன்னும். எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு நீலம் வழியில் போய்விடும். சிவப்புப் பக்கத்து நிறங்கள்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். மத்தியானத்துக்குச் சின்னத் தொட்டி போதும். சாயங்காலத்துக்கு நீளத் தொட்டி வேண்டும். பால் அதிகமானால் அது மேகம். எல்லா நிறமும் முட்டி மோதிக் கலங்கி வெள்ளையாகிவிடும். ஒன்பது வருஷமாக அவள் கையை விரித்து விரித்துச் சொன்னது இதைத்தான். அவள் வாயில் இருந்தது. அந்தக் குழந்தையின் தலையில் ஏறியது. யாரைப் பொய்க்காரி என்றாளோ அவள் ஒருத்திதான் அந்தப் பேச்சை உண்மையிலேயே கேட்டிருக்கிறாள். அக்கா தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அறையில் யாரும் இல்லை. யாருக்காக மூடிக்கொண்டாளோ தெரியாது.

அன்று வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். காகிதம் என்றதும் அவர் முதலில் சிரித்துவிட்டார். மூன்று வருஷம் உரியாமல் இருந்ததா, என்ன பசை அது என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க வைத்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைச் சொன்னபோது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்தப் புள்ளைக்குத் தெரியும், நீ பொய் சொல்றேன்னு. தெரிஞ்சும் மன்னிப்புக் கேட்டிருக்கு. அதை நெனச்சுப் பாத்தியா?”

அவள் அதை மட்டும் நினைக்காமல் இருக்கத்தான் ஆறு வாரமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேலாளரிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஒளி அறைக் கதவில் “பராமரிப்புப் பணி” என்று பலகை மாட்டச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் பழைய இடத்துக்கே போய்விடுங்கள் என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே. பள்ளிக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்றபோதுதான் நிமிர்ந்தார். தானாக அடங்கிப்போன விஷயத்தை எதற்கு ஊதிக் கிளப்புகிறீர்கள் என்று கேட்டார். தொட்டிகளை ஒரு நாளைக்கு எடுத்துப் போகலாமா என்று மட்டும் அவள் கேட்டாள். உடைத்துவிடாதீர்கள் என்றார்.

அறிவியல் கூடத்துக்கு மட்டும் வார விடுமுறையான நாளில், மூன்று தொட்டிகளையும் பழைய துணியில் சுற்றி, டார்ச்சையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரோடு ஆட்டோவில் பள்ளிக்குப் போனாள். அவர் தொட்டிகளை மாடிக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டு, உள்ளே வர மாட்டேன், வாசலில் இருக்கிறேன் என்று நின்றுகொண்டார். வகுப்பாசிரியையிடம் வெளியிலேயே விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. பிள்ளைகள் முன்னால் வேண்டாமே, அந்தப் பெண்ணை மட்டும் கூப்பிடுகிறேன் என்றார். நியாயமான யோசனைதான். அக்காவுக்கும் அந்த நொடியில் அதுவே போதும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் சிரித்தது நாற்பது பேர்.

ஜன்னல்களைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். ரெட்டைச் சடை இப்போது முன்வரிசையில் இல்லை. மூன்றாவது வரிசை, சுவரோரம். தலையை நிமிர்த்தவே இல்லை.

அக்கா நின்றாள். ஒன்பது வருஷம் ஒரு நாளைக்கு ஆறு தடவை சொன்ன பேச்சை அன்று அவள் ஆரம்பிக்கவில்லை.

“நான் டீச்சர் இல்ல கண்ணுங்களா. நான் டிக்கெட் குடுக்கறவ. அன்னைக்கு நீங்க பாத்த சிவப்பு பொய். நான்தான் காகிதம் ஒட்டியிருந்தேன். உங்க கிளாஸ்ல ஒருத்தி அதைப் பாத்துட்டா. அவ பாத்தது சரி. பொய் சொன்னது நான். மன்னிப்பு கேக்க வேண்டியதும் நான்.”

அவள் சுவரோரம் பார்த்து, பெரியவர்களிடம் கேட்பதுபோலவே கை கூப்பி, மன்னிச்சுக்கம்மா என்றாள். நோட்டில் எழுதியிருந்தாயே, அதைப் படித்துத்தான் எனக்கே விஷயம் புரிந்தது என்றாள். ரெட்டைச் சடை அசையவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். அதற்கும் அசையவில்லை.

நடுவரிசையில் ஒருத்தி எழுந்து, அப்படியானால் வானத்தைப் பற்றிச் சொன்னதும் பொய்யா என்று கேட்டாள். அக்காவுக்கு அது கன்னத்தில் அறையாக விழுந்தது. அது பொய்யில்லை என்றாள். ஆனால் நான் சொல்வதால் நம்ப வேண்டாம், பாருங்கள் என்று தொட்டிகளை வரிசையில் வைத்துத் தண்ணீர் நிரப்பினாள். விளக்கை முதலில் போட்டாள். அட்டையில் வெள்ளை வட்டம் விழுந்தது. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று காத்திருந்தாள். ஒரே ஒரு தொட்டியில் பால் சொட்டினாள். நீலம் வந்தது, வட்டம் லேசாக மஞ்சளித்தது. இரண்டாவதில் சொட்டினாள். மூன்றாவதில் சொட்டினாள். பிள்ளைகள் பெஞ்சைவிட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த ஆர்வத்தைப் பார்த்ததும் பழைய பழக்கம் நாக்கில் ஏறிவிட்டது.

“பாருங்க, சிவப்பு வந்துடுச்சு!”

“சிவப்பு!” என்று நாற்பது வாயும் சேர்ந்து சொன்னது.

ஒரு வாய் சொல்லவில்லை. அக்கா மெல்ல வரிசைகளுக்கு நடுவே நடந்து சுவரோரம் போனாள். உனக்கு என்ன நிறம் தெரிகிறது என்று கேட்டாள். ரெட்டைச் சடை எழுந்து நின்றாள். மரியாதையான பிள்ளை. பார்வை பெஞ்சிலேயே இருந்தது.

“நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் டீச்சர்.”

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஆறு வாரத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடத்தைச் சரியாக ஒப்பித்தாள், அவ்வளவுதான். வகுப்பு சிரித்ததும், மன்னிப்புக் கேட்க வைத்ததும், கையெழுத்துப் போட்டதும் எல்லாம் சேர்ந்து இதைத்தான் செய்திருக்கின்றன. எல்லோர் முன்னாலும் கை கூப்பிவிட்டால் இது போய்விடும் என்று அக்கா நினைத்து வந்திருக்கிறாள்! காலியாக இருந்த பெஞ்சு நுனியில் உட்கார்ந்தாள். இப்போது இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன.

“நான் சொல்ல மாட்டேம்மா. நீ போய்ப் பாரு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு.”

ரெட்டைச் சடை வகுப்பாசிரியையைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். அவள் தயங்கித் தயங்கி மேசைக்குப் போனாள். முதலில் தொட்டியின் கடைசிப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள், மேலிருந்து கீழ்வரை, மூலை முடுக்கெல்லாம். தடவட்டும் என்று அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவமானம் காதுவரை சுட்டது. பிறகு அந்தப் பிள்ளை அட்டையருகே குனிந்தாள். மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிவப்பு இல்ல,” என்றாள், அட்டையைப் பார்த்தபடியே. குரல் வெளியே வரவே யோசித்தது. “ஆரஞ்சுதான். ஓரத்துல மஞ்சள்.”

அக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். ஆரஞ்சுதான். ஓரத்தில் மஞ்சள்.

“ஆமா,” என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னாள். “நான் மறுபடியும் கூட்டிச் சொல்லிட்டேன்.”

ரெட்டைச் சடை அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. இன்னொரு தொட்டி இருந்தால் சிவப்பு வருமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் டிக்கெட் அக்கா.